ஜிஎஸ்டிஆர்-1ல தப்பான நம்பர் போட்டுட்டா மேனேஜருக்கு எப்படி மெயில் எழுதறது?

கேள்வி: "மெஷின் சர்வீஸ் பண்ற ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். நவம்பர் மாச ஜிஎஸ்டிஆர்-1 பத்தாம் தேதியே ஃபைல் பண்ணிட்டேன். இன்னைக்கு 12, சும்மா ஒரு தடவ லெட்ஜரோட ஒப்பிட்டு பாத்தா ஒரு 4,72,000 ரூபா பில்ல வேற கஸ்டமரோட ஜிஎஸ்டி நம்பர்ல போட்டு வச்சிருக்கேன். அண்ணன் தம்பி ரெண்டு பேர் கம்பெனி, பேரு கிட்டத்தட்ட ஒண்ணு, எக்ஸெல்ல பேரை தேடி முதல்ல வந்த நம்பர எடுத்து ஒட்டிட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது. அடுத்த மாசம் அமைதியா அமெண்ட் பண்ணிட்டா போதுமா, இல்ல மேடத்துக்கு மெயில் போட்டே ஆகணுமா? போட்டா என்னன்னு எழுதறது?"

மெயில் போடுங்க, இன்னைக்கு சாயந்திரமே. காரணம் உங்க காலண்டர்லயே இருக்கு, 14ஆம் தேதி. அன்னைக்குத்தான் உங்க கஸ்டமர்களோட ஜிஎஸ்டிஆர்-2பி ஜெனரேட் ஆகும். பில் அண்ணன் கம்பெனியோடது, நீங்க ஒட்டினது தம்பி கம்பெனி நம்பர்னு வச்சுக்கறேன். அண்ணன் கம்பெனி அக்கவுண்டன்ட் அதை திறந்து பாத்தா உங்க பில் இருக்காது, 72,000 ரூபா ஐடிசி காணோம். தம்பி கம்பெனி அக்கவுண்டன்ட் திறந்து பாத்தா அவங்க வாங்காத சர்வீஸுக்கு ஒரு பில் நிக்கும். ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் உங்க மேடத்துக்கு போன் போடுவாங்க. அதனால "யாருக்கும் தெரியாது"ங்கறது இன்னும் ரெண்டு நாளைக்குத்தான். சொல்லப்போனா வந்த பில்ல வாங்கறவர் ஏத்துக்கவோ ரிஜெக்ட் பண்ணவோ போர்ட்டல்ல ஐஎம்எஸ்னு ஒண்ணு வந்ததுலேர்ந்து அந்த ரெண்டு நாள் கூட கிடையாது, நீங்க ஃபைல் பண்ண பில் தம்பி கம்பெனியோட போர்ட்டல்ல இப்பவே தெரிஞ்சுக்கிட்டு இருக்கும், அவங்க ஆளு தினமும் பாக்கற டைப்பா இருந்தா ஏற்கனவே பாத்திருப்பாரு.

நான் ரொம்ப வருஷமா அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், இப்ப இந்த மாதிரி மெயில் வாங்கற பக்கம் உக்காந்திருக்கேன். அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கும்போது என்ன தேவைப்படுதுன்னு சொல்றேன்.

முதல்ல எது உறுதி எது உறுதியில்லன்னு பிரிச்சுக்கணும், ஏன்னா பயத்துல எழுதற மெயில்ல இது ரெண்டும் கலந்து போயிடும், படிக்கறவங்களுக்கு வீடே தீப்பிடிச்ச மாதிரி தெரியும். உங்க கேஸ்ல உறுதியானது நிறைய இருக்கு. ரெண்டு கஸ்டமருமே தமிழ்நாடுதான், 33ல ஆரம்பிக்கற நம்பர்தான்னு எடுத்துக்கறேன். அப்படின்னா சிஜிஎஸ்டி 36,000, எஸ்ஜிஎஸ்டி 36,000 அப்படியேதான் இருக்கும், நம்பர் மாறினதால வரி மாறல. நீங்க 20ஆம் தேதி போடற ஜிஎஸ்டிஆர்-3பில கட்ட வேண்டிய தொகையும் மாறாது. அதாவது உங்க கம்பெனிக்கு வரி பாக்கியும் இல்ல, வட்டியும் இல்ல. இந்த ஒரு வரி மெயில்ல இருந்தாலே உங்க மேடம் பாதி மூச்சு விட்டுடுவாங்க. நிறைய பேர் இதை எழுதவே மாட்டாங்க, அஞ்சு தடவ சாரி மட்டும் எழுதுவாங்க.

அடுத்த உறுதியான விஷயம், இதை இந்த மாசமே சரி பண்ண முடியாது. ஜிஎஸ்டிஆர்-1ஏ இருக்கே, 2024 ஜூலைலேர்ந்து வந்துச்சே, 3பி போடறதுக்கு முன்னாடி திருத்தலாமேன்னு உங்களுக்கு தோணும், நல்ல யோசனைதான். ஆனா அதுல தொகை, தேதி, விட்டுப்போன பில் இதெல்லாம் திருத்தலாம், வாங்கறவரோட ஜிஎஸ்டி நம்பர மாத்த முடியாது. நம்பர் மாத்தணும்னா அடுத்த மாச ஜிஎஸ்டிஆர்-1ல 9ஏ டேபிள்லதான். உங்களுக்கு அது டிசம்பர் மாச ரிட்டர்ன், ஜனவரி 11க்குள்ள ஃபைல் பண்றது. அது ஜனவரி 14 வர்ற 2பில அண்ணன் கம்பெனிக்கு தெரியும், அவங்க ஜனவரி 20 போடற 3பில ஐடிசி எடுத்துக்கலாம். 2பில வராத பில்லுக்கு ஐடிசி எடுக்கக் கூடாதுன்னு 2022 ஜனவரிலேர்ந்து சட்டமே இருக்கு, அதனால "கையில பில் இருக்கே, இந்த மாசமே எடுத்துக்கோங்க"ன்னு கஸ்டமர்கிட்ட சொல்லிடாதீங்க. அது உங்க தப்பை அவங்க தலையில கட்டறது.

ஆக, நடந்த சேதம் இதுதான்: அண்ணன் கம்பெனிக்கு 72,000 ரூபா ஐடிசி ஒரு மாசம் லேட். அவங்க அந்த மாசம் அந்த தொகையை கேஷா கட்ட வேண்டி வரலாம். ஓடி அக்கவுண்ட்ல 12 சதவீத வட்டின்னு வச்சா ஒரு மாசத்துக்கு 720 ரூபா. அவ்வளவுதான். மெயில்ல இந்த கணக்க போடுங்க. 4,72,000 ரூபா பில் தப்பாயிடுச்சுன்னு மட்டும் படிச்சா மனசுல பெரிய நம்பர்தான் நிக்கும், 720ன்னு பாத்ததுக்கு அப்புறம்தான் மேனேஜர் முடிவு எடுக்கற நிலைமைக்கு வருவாங்க. குறைச்சு காட்டறதுக்காக சொல்லல, அதுதான் நிஜமான அளவு. கூடவே நிஜமான ரிஸ்க்கையும் எழுதணும், அது தம்பி கம்பெனி பக்கம் இருக்கு. ஐஎம்எஸ்ல அவங்க எதுவும் பண்ணலன்னா ஏத்துக்கிட்டதா கணக்கு ஆயிடும், 2பிக்கு போயி 3பில தானா ஐடிசியா வந்து உக்காந்துக்கும். கவனிக்காம ஃபைல் பண்ணிட்டா தங்களுக்கு சேராத 72,000ஐ எடுத்துக்கிட்டதா ஆகும், அப்புறம் அதை திருப்பணும், அதை உபயோகிச்சிருந்தா வருஷத்துக்கு 18 சதவீத வட்டியோட. அதனால அவங்களுக்கு 14க்கு முன்னாடி சொன்னா ஐஎம்எஸ்ல ரிஜெக்ட் பண்ணிடுவாங்க, 2பில ஐடிசியா வராது.

உறுதியில்லாதது ரெண்டுதான். தம்பி கம்பெனி ஏற்கனவே ஆக்செப்ட் கொடுத்துட்டாங்களான்னு உங்களுக்கு தெரியாது. அண்ணன் கம்பெனி ஒரு மாசம் பொறுத்துப்பாங்களா, இல்ல "72,000ஐ பிடிச்சு வச்சுட்டு மீதியைத்தான் அனுப்புவோம்"னு சொல்லுவாங்களான்னும் தெரியாது. பல கம்பெனில பர்ச்சேஸ் டீம் அப்படித்தான் சொல்லும். இது ரெண்டையும் தெரியாததாவே மெயில்ல எழுதுங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க.

மெயில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதுக்கு ஒரு மணி நேரம் போதும். இதே தப்பு வேற எங்கயாவது நடந்திருக்கான்னு பாக்கணும். ஏன்னா மெயில் படிச்ச உடனே மேடம் கேக்கற முதல் கேள்வி "இது ஒண்ணுதானா?" அதுக்கு "பாத்துட்டு சொல்றேன் மேடம்"னா நம்பிக்கை அங்கயே போச்சு. நீங்க பேரை தேடி நம்பர ஒட்டற முறை எந்த மாசத்துலேர்ந்து ஆரம்பிச்சதோ அதுலேர்ந்து பாருங்க. எல்லா பில்லையும் பாக்க நேரமில்லன்னா, முதல்ல இந்த அண்ணன் தம்பி பில் எல்லாத்தையும், அப்புறம் ஒரே மாதிரி பேர் இருக்கற மத்த கஸ்டமர்களையும் பாருங்க. எதை பாத்தீங்க, எதை இன்னும் பாக்கலன்னு ரெண்டையும் எழுதுங்க. ஆனா முழுசா பாத்து முடிச்சுட்டுத்தான் சொல்லுவேன்னு நாளைக்கு தள்ளாதீங்க, இங்க ஒரு நாள் போனா 13, அப்புறம் மேடத்துக்கு கஸ்டமர்கிட்ட பேச நேரமே இருக்காது. (பணம் வேற அக்கவுண்ட்டுக்கு போயிடுச்சுங்கற மாதிரி கேஸ்னா இந்த ஒரு மணி நேரமும் கிடையாது, எழுந்து போய் வாயால சொல்லணும், பேங்க்குக்கு போன் அடிக்கணும், மெயில் எல்லாம் அப்புறம். உங்களுது அந்த வகை இல்ல.)

இப்ப மெயில். உங்க ஆபீஸ்ல இங்கிலீஷ்லதான் போகும்னு தெரியும், நான் தமிழ்லயே எழுதறேன், வரிசைய பாத்துக்கோங்க. கஸ்டமர் பேரு இருக்கற இடத்துல முழு பேரையும் போடுங்க, இதே குழப்பம் மெயில்லயும் வந்துடக் கூடாது.

சப்ஜெக்ட்: நவம்பர் ஜிஎஸ்டிஆர்-1ல் என் தவறு, பில் 118 - நாளை (13) கஸ்டமரிடம் பேச வேண்டும்

மேடம்,

நவம்பர் ஜிஎஸ்டிஆர்-1ல பில் 118ஐ (நவம்பர் 18, 4,00,000 + ஜிஎஸ்டி 72,000) அண்ணன் கம்பெனி ஜிஎஸ்டி நம்பருக்கு பதிலா தம்பி கம்பெனி நம்பர்ல நான் போட்டுட்டேன். 10ஆம் தேதி ஃபைல் ஆயிடுச்சு. இன்னைக்கு மதியம் லெட்ஜரோட ஒப்பிடும்போது கண்டுபிடிச்சேன். கஸ்டமருக்கு அனுப்பின பில்லும் நம்ம லெட்ஜரும் சரியா இருக்கு, ரிட்டர்ன்ல மட்டும்தான் தப்பு.

நமக்கு வரியோ வட்டியோ கூடல, 20ஆம் தேதி 3பி தொகையும் மாறாது. அண்ணன் கம்பெனிக்கு 72,000 ஐடிசி இந்த மாசம் 2பில வராது, ஜனவரி 14தான் வரும். தம்பி கம்பெனிக்கு இந்த பில் தப்பா தெரியும், அவங்க அதை ரிஜெக்ட் பண்ணலன்னா ஐடிசியா போயிடும். அவங்க ஏற்கனவே ஆக்செப்ட் பண்ணிட்டாங்களான்னு தெரியல.

நம்பர் மாத்தறத ஜிஎஸ்டிஆர்-1ஏல பண்ண முடியாது. டிசம்பர் ஜிஎஸ்டிஆர்-1ல 9ஏ டேபிள்ல அமெண்ட் பண்ணணும். ஜனவரி 5க்குள்ள டிராஃப்ட் போட்டு உங்களுக்கு காட்டறேன், ஆடிட்டர்கிட்ட நாளைக்கு காலைல ஒரு தடவ கன்ஃபர்ம் பண்ணிக்கறேன்.

ஏப்ரல்லேர்ந்து இந்த ரெண்டு கஸ்டமரோட எல்லா பில்லையும் பாத்துட்டேன், இது ஒண்ணுதான் தப்பு. ஒரே மாதிரி பேர் உள்ள மத்த கஸ்டமர்களை நாளை மதியத்துக்குள்ள பாத்து சொல்றேன்.

உங்ககிட்ட ரெண்டு முடிவு வேணும். ரெண்டு கஸ்டமர்கிட்டயும் நாளைக்கு நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா? அண்ணன் கம்பெனி 72,000ஐ ஜனவரி வரைக்கும் நிறுத்தி வைக்கறோம்னு கேட்டா ஒத்துக்கலாமா? ஒத்துக்கிட்டா நமக்கு ஒரு மாச ஓடி வட்டி சுமார் 720 ரூபா ஆகும்.

எக்ஸெல்ல பேரை தேடி ஜிஎஸ்டி நம்பர ஒட்டினதாலதான் இது நடந்துச்சு. டிசம்பர் ரிட்டர்ன்லேர்ந்து கஸ்டமர் கோட் வச்சு நம்பர எடுக்கப் போறேன், ஃபைல் பண்றதுக்கு முன்னாடி மாஸ்டரோட பொருத்தி பாக்கற ஒரு எக்ஸெல் காலம் சேத்திருக்கேன், ஷீட் இணைச்சிருக்கேன். இதனால உங்களுக்கு வர்ற சிரமத்துக்கு மன்னிக்கணும்.

இவ்வளவுதான் மெயில். இதுல ஏன் எது எங்க இருக்குன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா உங்க நிலைமை இதே மாதிரியே இருக்காது, நீங்க மாத்திக்க வேண்டி வரும்.

சப்ஜெக்ட்லயே "என் தவறு"ன்னும் நாளைக்கு ஒரு வேலை இருக்குன்னும் வந்துடணும். "ஜிஎஸ்டி ரிட்டர்ன் குறித்து"ன்னு போட்டா மேடம் அதை திங்கக்கிழமை திறப்பாங்க. முதல் வரியில "நான் போட்டுட்டேன்"னு இருக்கட்டும். "ஒரு தவறு நடந்திருக்கு, நம்பர் மாறியிருக்கு"ன்னு எழுதினா அவங்க உடனே யாரு பண்ணதுன்னு கேட்டு ஒரு மெயில் போடணும், ஒரு சுத்து வீண். நீங்க மறைக்க பாக்கறீங்கன்னு வேற தோணும், நீங்க மறைக்கவே இல்லன்னாலும்.

மன்னிப்பு ஒரு தடவ, கடைசில. மேல நாலு வரி மன்னிப்பு இருந்தா விஷயத்துக்கு வர ஸ்க்ரோல் பண்ணணும், அதுவுமில்லாம படிக்கறவங்க உங்களை சமாதானப்படுத்தற வேலைல இறங்கிடுவாங்க, கஸ்டமருக்கு போன் பண்ற வேலை நின்னுடும். எக்ஸெல் மேலயோ, ஏற்கனவே அந்த ஷீட்ட பண்ணி வச்சுட்டு போன ஆள் மேலயோ பழி போட வேண்டாம். காரணத்த சொல்லலாம், சொல்லணும், ஆனா அது அடுத்து என்ன மாத்தப் போறீங்கங்கறதோட சேந்து வரணும், இல்லன்னா சாக்கு மாதிரி ஒலிக்கும்.

ரொம்ப பேர் விடற இடம் அந்த "உங்ககிட்ட ரெண்டு முடிவு வேணும்"ங்கற பகுதி. 72,000ஐ நிறுத்தி வைக்க ஒத்துக்கறது உங்க அதிகாரத்துல இல்ல, அது கம்பெனி பணம். அதே மாதிரி மேடத்துக்கு சொல்றதுக்கு முன்னாடி நீங்களே அண்ணன் கம்பெனிக்கு போன் போட்டு சரி பண்ணிட்டு அப்புறம் மெயில் போட்டீங்கன்னா, நல்ல எண்ணம்தான், ஆனா அவங்க முதலாளி உங்க மேடத்துக்கு போன் போட்டு கேக்கும்போது மேடத்துக்கு ஒண்ணும் தெரியாம முழிக்கணும். சரி பண்ற வழிய நீங்க கொண்டு போங்க, வெளியாள்கிட்ட பேசறத அவங்க முடிவுக்கு விடுங்க. பல ஆபீஸ்ல "நீயே பேசிடும்மா"ன்னுதான் சொல்லுவாங்க, அது வேற.

சிசில யாரையும் போடாதீங்க. ஆடிட்டரை கூட மேடம் பாத்ததுக்கு அப்புறம் சேருங்க. மேடம் பக்கத்து ரூம்லயே உக்காந்திருக்காங்கன்னா முதல்ல போய் ரெண்டு வாக்கியத்துல வாயால சொல்லிட்டு, "விவரம் மெயில்ல அனுப்பறேன் மேடம்"னு வந்து உடனே அனுப்புங்க. வாயால மட்டும் சொல்லிட்டு விட்டா ஜனவரில இந்த அமெண்ட்மென்ட ஆடிட்டர் கேக்கும்போது யாருக்கு என்ன தெரியும்னு ஒரு பேச்சு வரும், அப்ப இந்த மெயில் இருக்கறது உங்களுக்கும் நல்லது, மேடத்துக்கும் நல்லது.

இனி தடுக்கற பகுதி. "இனிமே கவனமா இருக்கேன்"னு எழுதினா அதுக்கு மதிப்பே கிடையாது, ஏன்னா போன மாசமும் நீங்க கவனமாத்தான் இருந்திருப்பீங்க. இந்த தப்பு ஏன் மாட்டாம போச்சுன்னு பாருங்க. ஜிஎஸ்டி நம்பர்ல 15 எழுத்து, முதல் ரெண்டு மாநிலம், அடுத்த பத்து பான் நம்பர், கடைசி எழுத்து ஒரு செக் டிஜிட். நீங்க ஒரு எழுத்த தப்பா அடிச்சிருந்தா அந்த கடைசி எழுத்து ஒத்து வராம போர்ட்டலே பெரும்பாலும் பிடிச்சிருக்கும். ஆனா நீங்க ஒட்டினது உயிரோட இருக்கற, சரியான, வேறொருத்தரோட நம்பர். எந்த சாஃப்ட்வேரும் இதுல தப்பு சொல்லாது. இந்த பில்லுக்கு இந்த நம்பர்தானான்னு உங்க பக்கத்துலதான் பொருத்தி பாக்கணும்.

அதுக்கு பெரிசா ஒண்ணும் வேண்டாம். பேரை வச்சு தேடறத நிறுத்துங்க, பில்லிங் சாஃப்ட்வேர்லேர்ந்து எக்ஸ்போர்ட் எடுக்கும்போது கஸ்டமர் கோடும் ஜிஎஸ்டி நம்பரும் சேத்தே வர்ற மாதிரி எடுங்க, பெரும்பாலான சாஃப்ட்வேர்ல அது வரும், யாரும் அந்த காலத்த டிக் பண்ணாம விட்டிருப்பாங்க. அப்புறம் ரிட்டர்ன் ஷீட்ல பி காலத்துல கஸ்டமர் கோட், சி காலத்துல ஜிஎஸ்டி நம்பர், தனியா Master ஷீட்ல ஏ காலத்துல கோட், டி காலத்துல நம்பர்னு வச்சுக்கிட்டு, பக்கத்துல ஒரு காலத்துல இதை போட்டு கீழ வரைக்கும் இழுத்துடுங்க:

```
=IF(TRIM(C2)=TRIM(VLOOKUP(B2,Master!A:D,4,FALSE)),"OK","CHECK")
```

அந்த FALSE முக்கியம். அதை விட்டுட்டா எக்ஸெல் கிட்டத்தட்ட பொருந்தறத எடுத்து கொடுத்துடும், நீங்க இப்ப மாட்டிக்கிட்ட அதே கதைதான் ஃபார்முலா வழியா திரும்ப வரும். TRIM எதுக்குன்னா காப்பி பண்ணும்போது பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற ஸ்பேஸ். CHECK வந்தாலோ #N/A வந்தாலோ ஃபைல் பண்ணக் கூடாது, அவ்வளவுதான் விதி. மாஸ்டர்ல இருக்கற நம்பரே தப்பா இருந்தா இந்த ஃபார்முலா அதையும் OKன்னுதான் சொல்லும், அதனால மாஸ்டர மட்டும் ஒரு தடவ உக்காந்து போர்ட்டல்ல ஒவ்வொரு நம்பரா தேடி வர்ற பேரோட சரி பாத்துடுங்க. புது கஸ்டமர் சேக்கும்போது அதே மாதிரி. உங்க ஆபீஸ்ல இன்னொருத்தர் இருந்தா ஃபைல் பண்றதுக்கு முன்னாடி பெரிய பில் ஒரு பத்த அவர பாக்க சொல்லலாம், ஆனா ரெண்டே பேர் இருக்கற ஆபீஸ்ல எப்பவும் நடக்கற காரியமில்ல, மெயில்ல வாக்கு கொடுத்துட்டு பண்ணாம விடறதுக்கு கொடுக்காமலே இருக்கலாம். செஞ்சு முடிச்சத மட்டும் எழுதுங்க. ஷீட்ட இணைச்சு அனுப்பறது அதுக்குத்தான்.

"அடுத்த மாசம் அமைதியா திருத்திடலாமா"ங்கறதுக்கு இன்னும் ஒரு வார்த்தை. அமெண்ட் பண்ணா அது 9ஏல பழைய பில்லோட தெரியும், வருஷ கடைசில ஆடிட்டர் ஒப்பிடும்போது கண்ணுல படும். அதை விட ஆபத்து, அமைதியா பண்ணலாம்னு வச்சுக்கிட்டு மறந்துடறது. இந்த நிதியாண்டு பில்ல திருத்த, வருஷம் முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும், இல்ல வருஷாந்திர ரிட்டர்ன் போடற வரைக்கும், எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான் நேரம். அதை தாண்டிட்டா திருத்தவே முடியாது, அப்ப 720 ரூபா கதை 72,000 ரூபா கதையா மாறிடும், அண்ணன் கம்பெனி அதை உங்க பேமெண்ட்லேர்ந்து கழிச்சுக்கும். இன்னொரு குறுக்கு வழிய சிலர் சொல்லுவாங்க, டிசம்பர்ல அண்ணன் பேர்ல வேற நம்பர்ல புது பில் போட்டுடு, முடிஞ்சுதுன்னு. அப்படி போட்டா ஒரே வேலைக்கு ரெண்டு பில், ரெண்டு தடவ வரி, பழசுக்கு கிரெடிட் நோட்னு இழுத்துக்கிட்டே போகும், உங்க லெட்ஜரும் அவங்க லெட்ஜரும் ஒத்தே வராது. நீங்க அனுப்பின பில் சரியா இருக்கும்போது பில்ல தொடவே கூடாது.

நான் சொன்னது எல்லாம் உங்க கேஸுக்கு: சர்வீஸ் பில், ரெண்டு பேரும் ஒரே மாநிலம், மாசா மாசம் ஃபைல் பண்றீங்க, டர்ன்ஓவர் 5 கோடிக்கு கீழ இருக்கறதால இ-இன்வாய்ஸ் கிடையாதுன்னு வச்சு சொன்னது. இ-இன்வாய்ஸ் இருக்கற கம்பெனில தப்பான நம்பரோட ஐஆர்என் எடுத்துட்டா 24 மணி நேரத்துக்குள்ளதான் கேன்சல் பண்ண முடியும், அங்க மெயில் போட இருக்கற நேரமே வேற, வழியும் வேற. அண்ணனுக்கும் தம்பிக்கும் மாநிலம் வேற வேறன்னா ஐஜிஎஸ்டி குழப்பம் வரும், அதை ஆடிட்டர்கிட்ட விடுங்க. தம்பி கம்பெனி ஏற்கனவே ஆக்செப்ட் பண்ணி 3பியும் போட்டுட்டாங்கன்னா அவங்க எந்த மாசம் எப்படி திருப்பணும்ங்கறதையும் ஆடிட்டர்தான் சொல்லணும், நீங்களா அவங்களுக்கு அட்வைஸ் பண்ணாதீங்க.

உங்க மேடம் எப்படி எடுத்துப்பாங்கன்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது. கத்தற ஆளா இருந்தா இந்த மெயிலுக்கும் கத்துவாங்க. ஆனா 14ஆம் தேதி கஸ்டமர் சொல்லி தெரிஞ்சு கத்தறதுக்கும், 12ஆம் தேதி நீங்க சொல்லி, என்ன பண்ணணும்னு கையில வச்சுக்கிட்டு கத்தறதுக்கும் வித்தியாசம் இருக்கு, ரெண்டாவது அன்னைக்கே முடிஞ்சுடும்.

கடைசியா, மெயில் அனுப்பினதோட இது முடியல. இன்னும் ரெண்டு சின்ன மெயில் பாக்கி இருக்கு, இப்பவே காலண்டர்ல போட்டு வைங்க. ஜனவரில டிசம்பர் ஜிஎஸ்டிஆர்-1 ஃபைல் ஆன உடனே இதே மெயிலுக்கு ரிப்ளைல "பில் 118 அமெண்ட் ஆயிடுச்சு மேடம்"னு 9ஏ டேபிள் ஸ்கிரீன்ஷாட்டோட ஒண்ணு. 14 தாண்டினதும் அண்ணன் கம்பெனி அக்கவுண்டன்ட்கிட்ட 2பில வந்துடுச்சான்னு கேட்டுட்டு இன்னொண்ணு. நடுவுல பொங்கல் லீவு வரும், அவங்க ஆபீஸ்ல ஆள் இருக்க மாட்டாங்க, 20க்கு முன்னாடி பேசிடுங்க. நிறுத்தி வச்ச 72,000 இருந்தா அதையும் அப்பவே கேட்டுடுங்க, அது தானா வராது.